14 மெஷின், 2 புரோகிராமர்: சிறிய நிறுவனத்தில் ஒரு திட்ட அலுவலகம்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 35 பேர். தொழிற்சாலைகள் கேட்கும் சிறப்பு இயந்திரங்களை வடிவமைத்துச் செய்து கொடுக்கிறோம். எப்போதும் பத்துப் பன்னிரண்டு ஆர்டர்கள் ஓடுகின்றன. எதுவுமே சொன்ன தேதிக்குப் போவதில்லை. பெரிய கம்பெனிகளில் பி.எம்.ஓ. (திட்ட மேலாண்மை அலுவலகம்) என்று வைத்திருக்கிறார்களாமே, அது உண்மையில் என்ன செய்கிறது? புதிதாக ஆள் சேர்க்காமல் எங்களால் அப்படி ஒன்றைத் தொடங்க முடியுமா?

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்ட சொல் ‘எதுவுமே’. ஒரு வேலை மட்டும் தாமதமானால், அந்த வேலையைப் பார்ப்பவரிடமோ அந்த ஆர்டரிலோ கோளாறு இருக்கலாம். எல்லா வேலையும் தாமதமானால் கோளாறு எந்த வேலைக்குள்ளும் இல்லை, வேலைகளுக்கு நடுவே இருக்கிறது. அந்த நடுப்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நாற்காலிதான் பி.எம்.ஓ. நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு பெரிய கம்பெனியின் பி.எம்.ஓ.வில் இருந்துவிட்டு, பிறகு கோவையில் 42 பேர் வேலை செய்த ஓர் இயந்திரக் கூடத்துக்குப் போனேன். முதல் இடத்தில் கற்றதில் பாதியை இரண்டாவது இடத்தில் மறக்க வேண்டியிருந்தது. இங்கே சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தின் கதை. உங்கள் தொழிலும் அதே தொழில் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ரயிலில் போயிருப்பீர்கள். ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் வண்டி காரணமில்லாமல் நிற்பதுபோல் நிற்கும். எதிரே ஒரு வண்டி கடந்து போன பிறகு கிளம்பும். நிறுத்தியவர் ஓட்டுநர் அல்ல. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, அந்தப் பகுதியில் ஓடும் எல்லா வண்டிகளையும் ஒரே வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளர். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எந்த வண்டி முதலில் போக வேண்டும் என்று அவரால் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அவருக்குத் தன் வண்டி மட்டும்தான் தெரியும். திட்ட மேலாளர் ஓட்டுநர், பி.எம்.ஓ. கட்டுப்பாட்டு அறை. சிறிய நிறுவனங்களில் இந்த அறை முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. நான்கைந்து வேலைகள் வரைக்கும் அது நன்றாகவே ஓடும்.

பெரிய நிறுவனங்களின் பி.எம்.ஓ. இதைத் தவிர வேறு பலவும் செய்யும். படிவங்கள், பயிற்சி, மென்பொருள், செலவுக் கணக்கு, தணிக்கை என்று பட்டியல் நீளும். துறையில் இவற்றை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: கேட்டவர்களுக்கு உதவும் வகை, விதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் வகை, திட்ட மேலாளர்களையே தன்கீழ் வைத்து நடத்தும் வகை. உங்களுக்கு இந்தப் பிரிவு அவ்வளவு முக்கியமில்லை. 35 பேர் உள்ள இடத்தில் படிவ நூலகம் அமைத்தால் அதைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது. உங்களுக்குத் தேவை கட்டுப்பாட்டு அறையின் மூன்று வேலைகள் மட்டும்: எந்தெந்த வேலைகள் திறந்திருக்கின்றன என்பதற்கு ஒரே பட்டியல், அவற்றில் எது முந்தும் எது பிந்தும் என்ற முடிவு, சொன்ன தேதிக்கும் நடந்த தேதிக்கும் இடையே உள்ள தூரத்தின் நினைவு.

இந்த அலுவலகங்களின் பழைய கதை ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1955இல் அமெரிக்கக் கடற்படை, பின்னாளில் போலாரிஸ் ஏவுகணையாக வந்த திட்டத்துக்காக ஒரு சிறப்புத் திட்ட அலுவலகத்தைத் தொடங்கியது. 1958இல் அங்கிருந்துதான் எந்த வேலை எதற்குப் பிறகு என்று காட்டும் ‘பெர்ட்’ என்ற வலைப்பின்னல் வரைபட முறை வந்தது. 1960இல் நீருக்கடியிலிருந்து ஏவுகணை பாய்ந்தபோது, வெற்றிக்கு அந்த வரைபடமே காரணம் என்று உலகமெங்கும் பேசினார்கள். பிறகு ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தத் திட்டத்தை நெருங்கிப் பார்த்து, 1972இல் வேறு மாதிரி எழுதினார். வேலையை நடத்தியதைவிட, வெளியிலிருந்து வரும் கேள்விகளையும் தலையீட்டையும் தடுக்கும் கேடயமாகவே அந்த வரைபடங்கள் அதிகம் பயன்பட்டன என்பது அவருடைய முடிவு. சுவரில் அழகாகத் தொங்கும் அட்டவணை வேறு, வேலையை நகர்த்தும் அட்டவணை வேறு. இந்தத் துறையின் பிறப்பிலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது.

கோவைக் கூடத்துக்கு வருகிறேன். வாகன உதிரிப் பாகங்களைத் துளையிடவும், கசிவு சோதிக்கவும் இயந்திரங்கள் செய்தோம். வாடிக்கையாளருக்கு 16 வாரம் என்று சொல்வோம். போய்ச் சேர ஏறக்குறைய ஏழு மாதம் ஆகும். முதல் சனிக்கிழமை காலை முதலாளியிடம், “இப்போது எத்தனை வேலை ஓடுகிறது சார்?” என்று கேட்டேன். யோசிக்காமல், “ஒன்பது” என்றார். நானும் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் கூடத்தைச் சுற்றி வந்தோம். தரையில் நிற்கும் ஒவ்வொரு சட்டகத்தையும், டிசைன் மேசையில் திறந்திருக்கும் ஒவ்வொரு டிராயிங்கையும், பர்சேஸ் கோப்பில் வராமல் நிற்கும் ஒவ்வொரு ஆர்டரையும் எண்ணினோம். இரண்டு மணி நேரம் ஆனது. 14 வந்தது.

மறைந்திருந்த ஐந்தில் இரண்டு, ஏற்கெனவே லாரியேறிப் போன இயந்திரங்கள். வாடிக்கையாளர் இடத்தில் நிறுவி ஓட்டிக் காட்டும் வேலை முடியவில்லை, அதனால் கடைசிப் பத்து சதவீதப் பணம் நின்றிருந்தது. முதலாளியின் மனக்கணக்கில் அவை போய்விட்டன. ஆனால் மாதத்தில் பல நாட்கள் நம் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். மூன்றாவது, பழைய வாடிக்கையாளருக்கு நட்புக்காக ஒப்புக்கொண்ட சிறு மாற்றம். நான்காவது, உடைந்து திரும்பி வந்த ஒன்று. ஐந்தாவது, கண்காட்சிக்காக நாமே செய்துகொண்டிருந்த மாதிரி இயந்திரம். இந்த ஐந்துக்கும் ஆர்டர் புத்தகத்தில் வரி கிடையாது, ஆனால் ஐந்தும் அதே ஆட்களின் நேரத்தைச் சாப்பிட்டன. உங்கள் பி.எம்.ஓ.வின் முதல் நாள் வேலை இதுதான். பட்டியலைக் கணினியிலிருந்து எடுக்காதீர்கள், நடந்து எண்ணுங்கள். நீங்கள் எழுதிய ‘பத்துப் பன்னிரண்டு’ பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே வரும்.

அடுத்தது ஒரு சிறு கணக்கு. ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய விதி இது, வரிசை நிற்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும்: சராசரியாக உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, மாதத்துக்கு முடிந்து வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே கிடக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். நாங்கள் மாதத்துக்கு இரண்டு இயந்திரங்களை முழுமையாக முடித்துக்கொண்டிருந்தோம். 14ஐ இரண்டால் வகுத்தால் ஏழு மாதம். எந்த மெஷின் யாரால் தாமதமானது என்று ஓராண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடத்தில், யார் மேலும் பழி சொல்லாமல் இந்த ஒரே வகுத்தல் ஏழு மாதத்தைக் காட்டிவிட்டது. 16 வாரம், அதாவது ஏறத்தாழ நான்கு மாதம் வேண்டுமென்றால், மாதத்துக்கு இரண்டு முடியும் கூடத்தில் எட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. வரத்தும் போக்கும் ஓரளவு சீராக இருக்கும் இடத்தில்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். ஒரு மாதம் ஐந்து, மறுமாதம் பூஜ்யம் என்றிருந்தால் ஆறு மாதச் சராசரியை எடுங்கள்.

ஏன் மாதத்துக்கு இரண்டு மட்டும்? டிசைனில் நான்கு பேர், அசெம்பிளியில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் இயந்திரத்தை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினிக்குப் புரோகிராம் எழுதி, அதை ஓட்டிப் பார்க்க இரண்டே பேர். ஓர் இயந்திரத்துக்கு ஒருவருக்கு மூன்று வாரம் பிடிக்கும். மாதத்தில் ஒரு வாரம் வெளியூரில் நிறுவும் வேலைக்குப் போய்விடும். மீதி மூன்று வாரத்தில் ஆளுக்கு ஒன்று, ஆக மாதத்துக்கு இரண்டு. டிசைனர்கள் எவ்வளவு வேகமாக வரைந்தாலும் இந்த எண் மாறாது. எல்லா நிறுவனத்திலும் இப்படி ஓர் இடுக்கு இருக்கும். உங்களிடம் அது மின்பலகை வயரிங் செய்பவராக இருக்கலாம், ஒரே ஒரு மூத்த டிசைனராக இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி, யாருடைய மேசைக்கு முன்னால் வேலை குவிந்து கிடக்கிறது, யாரை எல்லோரும் ஒரே நாளில் தேடுகிறார்கள் என்று பார்ப்பது.

அந்த இருவரில் மூத்தவர் எனக்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒரு வாரத்துக்கான பக்கத்தில் மூன்று இயந்திரங்களின் பெயர்கள் மாறி மாறி இருந்தன. யார் உரக்கக் கேட்கிறார்களோ அவர்களுடைய மெஷினுக்குப் போவார். “எந்த மெஷினில் உட்காருவது என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் சார்” என்றார். அந்தப் பக்கத்தை வைத்தே முதலாளிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வார வேலை. ஒன்றை முடித்து அடுத்ததைத் தொட்டால் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது வார முடிவில் ஒவ்வொன்றாக வெளியே போகும். வாரத்துக்கு ஒன்று என்று சுழற்றினால் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் போகும். கடைசி இயந்திரத்துக்கு ஒரு நாள்கூட லாபமில்லை. முதல் இரண்டும் தேவையில்லாமல் பிந்துகின்றன, அதற்கான பணமும் பிந்துகிறது. இதில் ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு மாறும்போது போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மூன்று வாடிக்கையாளர்களையும் சமாதானமாக வைத்திருக்கச் செய்த ஏற்பாடு, இருவரைக் கட்டாயமாகக் காக்க வைத்தது.

இனிதான் கடினமான பகுதி. 14ஐ எட்டாக்க வேண்டும். அதற்குச் சிலவற்றை நிறுத்திவைக்க வேண்டும், முதலாளிக்கு அது வயிற்றைக் கலக்கும். எங்கள் வரிசை இப்படி அமைந்தது: முதலில் லாரியேறிப் போன இரண்டையும் முழு மூச்சாக முடிப்பது, ஏனென்றால் அங்கே மிச்ச வேலை குறைவு, நின்ற பணமும் உடனே வரும். இரு வாரத்தில் இரண்டும் முடிந்தன. கண்காட்சி இயந்திரத்தையும், அசெம்பிளி தொடங்காத மூன்று ஆர்டர்களையும் உறைய வைப்பது. அந்த மூன்றுக்கும் முன்பணம் வாங்கியிருந்தோம். அவர்களை முதலாளியே போனில் அழைத்து, புதிய தொடக்கத் தேதியையும் அதிலிருந்து 16 வாரத்தையும் சொன்னார். இருவர் முணுமுணுத்து ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் கோபப்பட்டார், அவருடையதை மட்டும் பட்டியலில் மேலே ஏற்றி, வேறொன்றைக் கீழே இறக்கினோம். ஏற்றும்போது ஒன்றை இறக்கியே ஆக வேண்டும் என்ற விதி அன்றுதான் பிறந்தது. “இதையும் கொஞ்சம் பாருங்கள்” என்ற வாக்கியத்துக்கு அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் ஒரே பதில்: “எதை நிறுத்திவிட்டு?”

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வேலையை உள்ளே விடாமல் வெளியே காக்க வைத்தால், வாடிக்கையாளர் காத்திருக்கும் மொத்தக் காலம் அதனாலேயே குறைந்துவிடாது. மாதத்துக்கு மூன்று ஆர்டர் வந்து இரண்டு போனால், வரிசை எங்கே நின்றாலும் வளரத்தான் செய்யும். அப்போது பி.எம்.ஓ. செய்யக்கூடியது, இடுக்கில் இன்னோர் ஆள் தேவை அல்லது ஆர்டரை மறுக்க வேண்டும் என்று எண்ணோடு காட்டுவது மட்டும்தான். வெளியே காக்க வைப்பதன் லாபம் வேறு. சொல்லும் தேதி மெய்யாகிறது, பாதியில் கிடக்கும் இரும்பில் பணம் முடங்குவதில்லை, தொடங்கிய பின் வாடிக்கையாளர் கேட்கும் மாற்றங்களால் இரண்டு முறை செய்வது குறைகிறது. இன்னொரு விதிவிலக்கு: சர்வோ மோட்டார், நேர்வழித் தடம் போன்ற, வர இரண்டு மூன்று மாதம் ஆகும் பாகங்களை மட்டும் ஆர்டர் கையெழுத்தானதும் வாங்கச் சொல்லிவிட வேண்டும். உறைந்த வேலையிலும் அந்த ஒரு வரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் முறை இதை நான் மறந்தேன். உறைநிலையிலிருந்து எடுத்த ஓர் இயந்திரம், மோட்டாருக்காக ஐந்து வாரம் வெறும் சட்டகமாக நின்றது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, தினமும் அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போக வேண்டும்.

பட்டியல் எதில் இருந்தது என்று கேட்பீர்கள். சாதாரண கணினி அட்டவணைதான், எல்லோரும் பார்க்க முடியும், ஒருவர் மட்டும் திருத்த முடியும். ஒரு வேலைக்கு ஒரு வரி. வாடிக்கையாளர், பொறுப்பாளரின் பெயர் (ஒரே பெயர், இரண்டு பெயர் இருந்தால் ஒருவரும் இல்லை என்று பொருள்), முதலில் சொன்ன தேதி, இப்போது நினைக்கும் தேதி, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்து முடிய வேண்டியது எது, எப்போது. முதலில் சொன்ன தேதியை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. புதிய தேதி பக்கத்துக் கட்டத்தில்தான் மாறும். இந்த ஒரு விதியை மீறினால் மற்றதெல்லாம் வீண்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்ற கட்டம் எங்கள் அட்டவணையில் இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. நான் பார்த்தவரை ஒரு வேலை 90 சதவீதத்துக்கு வேகமாக வந்து, அங்கேயே இரண்டு மாதம் குடியிருக்கும். அதற்குப் பதிலாக, ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கட்டங்களை வைத்தோம்: டிராயிங்கில் வாடிக்கையாளர் கையெழுத்து, எல்லாப் பாகங்களும் ஸ்டோர்ஸில், அசெம்பிளி முடிவு, வயரிங் முடிவு, பாகம் போடாமல் ஓட்டம், வாடிக்கையாளர் முன்னால் டிரையல், டிஸ்பாட்ச், அவர் இடத்தில் ஒப்படைப்பு. ஒவ்வொன்றும் நடந்ததா என்று எவரும் போய்ப் பார்த்துவிடலாம். “பாகங்கள் வந்துவிட்டன” என்றால் ஒன்றுகூடப் பாக்கியில்லை என்று பொருள். ஒரே ஒரு சென்சார் வரவில்லை என்றாலும் ‘இல்லை’தான். முதல் மாதம் இதற்காக எத்தனை வாக்குவாதம்! அந்த ஒரே சென்சாருக்காக வயரிங் நிற்கும்போதுதான் விதி எல்லோருக்கும் புரிந்தது.

வாரம் ஒரு முறை, புதன்கிழமை காலை, அட்டவணையைச் சுவரில் காட்டி நின்றபடியே அரை மணி நேரம் பேசுவோம். பொறுப்பாளர்கள், பர்சேஸ், ஸ்டோர்ஸ், முதலாளி. போன வாரத்திலிருந்து எது மாறியது, எது யாருக்காகக் காத்திருக்கிறது, இரண்டு புரோகிராமர்களும் இந்த வாரம் எந்த மெஷினில் இருப்பார்கள். மூன்றாவது கேள்வி மட்டுமே அந்தக் கூட்டத்துக்குப் போதுமான காரணம். முடிவுகளை அங்கேயே அட்டவணையில் எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவு, அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வைக்கிறீர்கள் என்றால், மனநிலையைப் பொறுத்து நிறம் கொடுக்க விடாதீர்கள். எங்கள் விதி: இப்போது நினைக்கும் தேதி, சொன்ன தேதிக்குள் இருந்தால் பச்சை. பிந்துகிறது, ஆனால் பொறுப்பாளரே சரிசெய்துவிடுவார் என்றால் மஞ்சள். மேலே ஒருவர் முடிவெடுக்காமல் தீராது என்றால் சிவப்பு. சிவப்பு என்பது குற்றச்சாட்டல்ல, உதவி கேட்பது. முதல் முறை சிவப்பு போட்டவரை முதலாளி எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டால், அதற்குப் பிறகு உங்களுக்குத் தர்பூசணிகள்தான் கிடைக்கும். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. இது துறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் உவமை. வெட்டிப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம்: அடுத்து முடிய வேண்டியது என்ற கட்டத்தில் மூன்று வாரமாக ஒரே வாசகம் இருந்தும் நிறம் பச்சையாகவே இருந்தால், அது தர்பூசணி. டிஸ்பாட்ச் தேதிக்கு ஐந்து நாள் முன்பு வரை தேதி நகராமல் இருந்து, திடீரென்று ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அப்படித்தான்.

யார் செய்வது? ஆள் சேர்க்கத் தேவையில்லை. எங்களிடம் முதல் ஆறு மாதம் எனக்கு வாரத்தில் ஒன்றரை நாள் பிடித்தது. பிறகு ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அரை நாளில் செய்தார், என்னைவிட நன்றாக. கூடத்தில் எது எங்கே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும், யாருக்கும் அவர் மேல் பயமில்லை, அதனால் உண்மையைச் சொல்வார்கள். விற்பனையைப் பார்ப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்; அவருடைய தேதிகள் அவருடைய நம்பிக்கைகள். மிகப் பெரிய ஆர்டரின் பொறுப்பாளரிடமும் வேண்டாம். யாராக இருந்தாலும் ஓர் அதிகாரம் வேண்டும்: பட்டியலில் வரி இல்லாத வேலைக்கு ஸ்டோர்ஸிலிருந்து பொருள் போகாது. இதை முதலாளி எழுதிக் கொடுத்து, தனக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் யாரையோ சந்தித்து ஓர் இயந்திரத்துக்குச் சரி சொல்லிவிட்டு வந்து, திங்கட்கிழமை நேரே அசெம்பிளியில் போய்ச் சொன்னால், எந்த அட்டவணையும் தாங்காது. எங்கள் முதலாளி இரண்டு முறை அப்படிச் செய்தார். இரண்டாவது முறை ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், “பட்டியலில் ஏறட்டும் சார், எடுத்துத் தருகிறேன்” என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்னைக் கேட்டால் எங்கள் பி.எம்.ஓ. தொடங்கியது அன்றுதான்.

எங்கே கெட்டுப்போகும் என்பதும் ஓரளவு தெரிந்த கதையே. அறிக்கை கேட்பவர்கள் கூடுவார்கள், முடிவெடுப்பவர்கள் குறைவார்கள். மூன்று மாதம் கழித்து யாராவது அட்டவணையில் இன்னும் பத்துக் கட்டங்கள் சேர்க்கச் சொல்வார்கள். செவ்வாய் இரவு ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்புவார், புதன்கிழமை எல்லோரும் தலையாட்டுவார்கள். அட்டவணை கேடயமாகிவிட்டது என்று அப்போது புரிந்துகொள்ளுங்கள். நான் பயன்படுத்தும் சோதனை இரண்டு. ஒன்று, பொறுப்பாளர்களின் சட்டைப் பையில் இன்னும் சொந்தப் பட்டியல் இருக்கிறதா? இருந்தால் உங்கள் பட்டியலை அவர்கள் நம்பவில்லை. மற்றது, கடந்த மூன்று மாதத்தில் இந்தக் கூட்டம் ஒரு வேலையையாவது நிறுத்தியதா, பின்னுக்குத் தள்ளியதா? இல்லையென்றால் அது செய்தி வாசிக்கும் கூட்டம்.

பலன் பற்றி: ஏறக்குறைய நான்கு மாதத்தில் எண்ணிக்கை ஒன்பதுக்கு வந்தது, எட்டை எப்போதாவதுதான் தொட்டோம். அதற்குப் பிறகு தொடங்கிய இயந்திரங்கள் 18 முதல் 20 வாரத்தில் போயின. 16 இல்லை. முழுப் பெருமையும் அட்டவணைக்கு என்றும் சொல்ல மாட்டேன், அந்த ஆண்டின் பின்பாதியில் ஆர்டர் வரத்தும் கொஞ்சம் மந்தமாக இருந்தது. கணக்கும், சுழற்சியால் வரும் நஷ்டமும் உறுதியானவை, யார் போட்டாலும் அதே விடை வரும். பி.எம்.ஓ. வைத்தால் நிறுவனம் உருப்படும் என்பது அப்படி உறுதியானதல்ல. கனடாவில் பிரையன் ஹாப்ஸ், மோனிக் ஆப்ரி என்ற இருவர் ஏறக்குறைய 500 பி.எம்.ஓ.க்களை ஆராய்ந்து 2007இல் எழுதியபோது, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதும், கணிசமானவை இருக்கத்தான் வேண்டுமா என்று சொந்த நிறுவனத்திலேயே கேள்விக்கு ஆளாகியிருந்தன என்பதும் தெரியவந்தன. அதனால் பெயர்ப் பலகை மாட்டாமல் தொடங்குங்கள். உங்களிடம் நான்கைந்து ஆர்டர்கள்தான் ஓடுகின்றன, ஒருவர் இரண்டு வேலைக்கு மேல் பகிரப்படவில்லை என்றிருந்தால் இதுகூடத் தேவையில்லை என்றிருப்பேன். பத்துப் பன்னிரண்டு என்கிறீர்கள், தேவை.

வருகிற சனிக்கிழமை நடந்து எண்ணுங்கள். அடுத்த வாரம் வகுத்துப் பாருங்கள், இடுக்கைக் கண்டுபிடியுங்கள். முதல் மாதம் எதையும் மாற்றாமல் புதன்கிழமைக் கூட்டத்தை மட்டும் நடத்தினாலும் பரவாயில்லை. நிறுத்துவதைப் பற்றிய பேச்சை எண்கள் எல்லோருக்கும் பழகிய பிறகு எடுங்கள். நான் அவசரப்பட்டு இரண்டாவது வாரமே எடுத்தேன், டிசைன் தலைவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அழிக்காமல் வைத்த அந்த முதல் தேதிகள் ஓராண்டு கழித்து வேறொரு வேலைக்கு உதவின. பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களின் வரிகளைக் கட்டம் கட்டமாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டிசைனும் அசெம்பிளியும் நாங்கள் நினைத்ததற்குப் பக்கத்தில்தான் நடந்திருந்தன. வயரிங்குக்கு விலைப்புள்ளியில் எப்போதும் இரண்டு வாரம் என்று எழுதுவோம். ஒரு மெஷினில்கூட இரண்டு வாரத்தில் முடிந்திருக்கவில்லை, பெரும்பாலும் மூன்றரை. அடுத்த விலைப்புள்ளியில் மூன்றரை என்று எழுதி நீட்டினேன். ஆர்டர் போய்விடும் என்று முனகியபடியே முதலாளி கையெழுத்துப் போட்டார். ஆர்டர் வந்தது. அந்த இயந்திரத்துக்கு வயரிங் நான்கு வாரம் ஆனது.